ஜி.டி.யில் 15 நிமிடத்தில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தேன். எங்கே நுழைவது?

கயல்_அம்பை

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் என் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். எம்.பி.ஏ. தேர்வு எழுதி இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இரண்டிலும் ஜி.டி. என்கிற குழு விவாதம் உண்டு, அதுவும் ஆங்கிலத்தில்.

போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக ஒரு மாதிரி ஜி.டி.யில் உட்கார்ந்தேன். பத்து பேர், 15 நிமிடம், யோசிக்க 2 நிமிடம். தலைப்பு, 'ஃப்ரீ பஸ் டிராவல் ஃபார் விமன்: வெல்ஃபேர் ஆர் வேஸ்ட்?' எனக்கு ரொம்பத் தெரிந்த விஷயம். எங்கள் அம்மா தினமும் அந்த டவுன் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். தாளில் ஆறு பாயின்ட் எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒன்றை மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி முடிப்பதற்குள் வேறொருவர் அதைச் சொல்லிவிடுவார். சரி, அடுத்தது என்று போனால் அதுவும் போய்விடும். இப்படியே 12வது நிமிடம் வந்துவிட்டது. அப்போதுதான் ஆரம்பித்தேன். பாதியிலேயே எதிரே இருந்த பையன் வெட்டிவிட்டான்.

கடைசியில் நடத்தியவர் என்னைப் பார்த்து சம்மரி சொல்லச் சொன்னார். இலவசப் பேருந்து ஏன் நல்லது என்று என் கருத்தைச் சொன்னேன். "இது சம்மரி இல்லையம்மா" என்றார். மதிப்பீட்டுத் தாளில் மூன்று வரி: நுழையவில்லை, வாக்கியம் முடியவில்லை, தொகுப்பு தொகுப்பாக இல்லை. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

---

வேக_கார்த்தி

ஒரே வழிதான். நீங்களே முதலில் ஆரம்பித்துவிடுங்கள். முதல் ஆளுக்குத் தனி மதிப்பெண் உண்டு, பேனல் முகத்தை மறக்காது. தலைப்பு சொன்னதும் ஒரு வரையறையோ பொன்மொழியோ எடுத்துவிட்டால் போதும், அப்புறம் உங்கள் கையில். நான் போன வருடம் இப்படித்தான் ஒரு இடம் வாங்கினேன்.

---

தனிவழி_88

ஐ.ஐ.எம்.களில் ஜி.டி.யே எடுத்துவிட்டார்களே, எழுத்துத் தேர்வும் நேர்காணலும்தானே? இதற்கு எதற்கு மூன்று வாரம்?

---

மணிமுத்தாறு

தனிவழி சொல்வது பாதி சரி. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல ஐ.ஐ.எம்.கள் ஜி.டி.க்குப் பதிலாக எழுத்துத் தேர்வைக் கொண்டுவந்தன. ஆனால் நிர்வாகப் படிப்பு என்றால் ஐ.ஐ.எம். மட்டும் இல்லை. மற்ற நிர்வாகக் கல்லூரிகளில் குழு விவாதம் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. எஸ்.பி. ஜெயின் போன்ற இடத்தில் குழுவாகவே நேர்காணல் நடக்கிறது. சில இடங்களில் தலைப்புக்குப் பதில் ஒரு சிறு கேஸ் கையில் தருவார்கள். அழைப்புக் கடிதத்தில் எந்த வடிவம் என்று இருக்கும். கயல், முதலில் அதைப் பாருங்கள்.

நான் பத்து வருடமாக மாதிரி ஜி.டி. நடத்துகிறேன். இரண்டு பருவம் ஒரு கல்லூரியின் தேர்வுக் குழுவில் வெளியாளாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கணக்கை முதலில் போடுவோம். 15 நிமிடம், பத்து பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். அதை ஒரே மூச்சில் யாரும் தரமாட்டார்கள். 20, 25 விநாடியாக மூன்று நான்கு முறை பேசினால் உங்கள் பங்கு முடிந்தது. அதனால் ஆறு பாயின்ட் தேவையே இல்லை. இரண்டு போதும். மீதி இரண்டு முறை, அடுத்தவர் சொன்னதைப் பிடித்துப் பேசுவதுதான்.

முதல் ஆளாகப் பேசுவது பற்றி: விஷயம் கையில் இருந்தால் நல்லதுதான். வரையறையோடு ஆரம்பித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் 20 விநாடி முடிந்ததும் ஆள் காணாமல் போய்விடுவார், பத்தாவது நிமிடம் வரை குரல் வராது. குறிப்பில் "ஆரம்பித்தார், அப்புறம் இல்லை" என்றுதான் எழுதினேன். கார்த்திக்கு அது பலித்திருக்கலாம், அப்புறமும் பேசியிருப்பார். கயலுக்கு நான் சொல்வது மூன்றாவது அல்லது நான்காவது ஆள். எப்படியும் முதல் 4 நிமிடத்துக்குள் குரல் ஒரு முறை கேட்டுவிட வேண்டும். தாண்டிவிட்டால் சுற்றி இருப்பவர்கள் உங்களைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள், நுழைவு இரட்டிப்புக் கஷ்டமாகும்.

---

பேங்க்_பரணி

நண்பர்களே, எஸ்.பி.ஐ. பி.ஓ.வுக்கும் மூன்றாம் கட்டத்தில் குழுப் பயிற்சி வைக்கிறார்கள். அதற்கு கரன்ட் அஃபேர்ஸ் எத்தனை மாதம் படிக்க வேண்டும்? எனக்குப் போன முறை அதில்தான் போனது என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர் விடாமல் பேசினார்.

---

தேன்மொழி_மதுரை

பரணி, இங்கே பேசுவது எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜி.டி. ஆனால் பக்கத்து ஆள் விடாமல் பேசுவது எல்லா இடத்துக்கும் பொதுதான், கூடவே படியுங்கள். எத்தனை மாதம் என்று தனி இழை போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

---

கயல்_அம்பை

மணிமுத்தாறு சார், நான்கு நிமிடத்துக்குள் நுழைவது சரி. ஆனால் நுழைய இடமே இல்லையே. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மீன் மார்க்கெட் மாதிரி இருக்கிறது. கத்துவது எனக்கு வராது.

---

மணிமுத்தாறு

கத்த வேண்டாம். மீன் மார்க்கெட்டிலும் இடைவெளி உண்டு. எங்கே வரும் என்று தெரிந்தால் அதற்குக் காத்திருக்கலாம்.

ஒருவர் ஏற்கனவே சொன்னதையே திரும்பச் சொல்லும்போது மற்றவர்கள் காது தளர்ந்துவிடும். உங்கள் தலைப்பில் 'டேக்ஸ்பேயர்ஸ் மணி' என்ற சொல் குறைந்தது நான்கு முறை வந்திருக்குமே? இரண்டாவது முறை வந்த உடனே அது உங்கள் வாசல். இன்னொன்று, இரண்டு பேர் மோதி இருவருமே நிறுத்துகிற அந்த அரை விநாடி. 'யூ கோ அஹெட்' என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்போது மூன்றாமவர் நிதானமாகத் தொடங்கினால் எல்லோரும் நிம்மதியாகக் கேட்பார்கள்.

அடுத்தது, முதல் மூன்று நான்கு சொற்கள் எப்படியும் சத்தத்தில் கரைந்துவிடும். அதில் விஷயத்தை வைக்காதீர்கள். 'ஆன் தி காஸ்ட் பாயின்ட்', 'ஜஸ்ட் ஆன் தட் நம்பர்' என்று முந்தையவர் பேசியதைத் தொடுகிற ஒரு கொக்கி மட்டும் போடுங்கள். அந்த நான்கு சொல்லை வழக்கத்தைவிட ஒரு படி கூடுதல் குரலில், பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் திரும்பியதும் குரலை இறக்கி, பார்வையை மற்றவர்கள் பக்கம் கொண்டுபோய் விஷயத்தைச் சொல்லுங்கள். பேனலைப் பார்க்கவே வேண்டாம்.

'ஐ டோட்டலி அக்ரீ வித் மை ஃப்ரெண்ட்' என்று தொடங்கச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் உண்டு. வேண்டாம். நான்கு விநாடி அதிலேயே போய்விடுகிறது, யாரோடு எதில் ஒத்துப்போகிறீர்கள் என்றும் தெரிவதில்லை.

கயல், வெட்டுப்பட்ட வாக்கியம் நினைவிருக்கிறதா? அப்படியே எழுதுங்கள்.

---

கயல்_அம்பை

ஏறத்தாழ இப்படி: 'பிகாஸ் இன் அவர் ஏரியா, பிஃபோர் 2021, தி விமன் ஹூ ஆர் கோயிங் ஃபார் டெய்லி வொர்க், தே ஹேட் டு ஸ்பென்ட் ஃபார் பஸ், ஸோ ஸம் விமன் ஹூ ஹேவ் ஸ்மால் சில்ட்ரன்...' இங்கே வெட்டிவிட்டான். அதற்கு அப்புறம்தான் முக்கியமான இடம். டிக்கெட் காசு மிச்சமானதால் கொஞ்சம் தூரத்தில் கூடுதல் கூலி கிடைக்கும் வேலைக்குப் போகிறார்கள் என்று சொல்ல வந்தேன். அம்மாவே அப்படித்தான் மாறினார்.

---

மணிமுத்தாறு

இதில் இலக்கணம் கொஞ்சம் அப்படி இப்படி இருப்பது பெரிய விஷயமே இல்லை. தேர்வுக் குழுவில் 'தி' விட்டதற்கும் 'டிஸ்கஸ் அபவுட்' சொன்னதற்கும் யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்க்கவில்லை. சிக்கல் வேறு. வாக்கியத்தைத் தமிழில் கட்டி, சொல்லை மட்டும் ஆங்கிலமாக மாற்றியிருக்கிறீர்கள்.

தமிழில் நாம் காரணத்தை முதலில் அடுக்குவோம். "முன்னாடி பஸ்ஸுக்குக் காசு ஆச்சு, குழந்தை வேற இருந்தது, அதனால பக்கத்திலயே வேலை பார்த்தாங்க, இப்ப காசு மிச்சம்கிறதால தூரமாப் போறாங்க." வினைமுற்றும் முடிவும் கடைசியில். தமிழில் கேட்பவர் அதற்காகக் காத்திருப்பார், நம் காது அப்படிப் பழகியது. ஜி.டி.யில் யாரும் காத்திருக்கமாட்டார்கள். பத்தாவது விநாடியில் வெட்டு விழும். வெட்டு விழுந்த இடத்தில் உங்கள் கையில் வெறும் முன்கதை மட்டும் இருந்தால் பேனல் குறிப்பில் ஒன்றும் ஏறாது.

அதனால் தலைகீழாக்குங்கள். முடிவு முதலில், காரணம் அப்புறம். 'ஆன் தி காஸ்ட் பாயின்ட். தி ஃப்ரீ டிக்கெட் லெட்ஸ் விமன் டேக் பெட்டர் ஜாப்ஸ், ஃபார்தர் அவே. மை மதர் சேஞ்ச்ட் ஹர் ஜாப் பிகாஸ் ஆஃப் இட்.' அவ்வளவுதான். பத்து விநாடி. முதல் வாக்கியத்துக்குப் பிறகு வெட்டினாலும் உங்கள் கருத்து மேசைமேல் விழுந்துவிட்டது. வெட்டியவரே அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

எண் இருந்தால் அதற்குப் பின்னால் ஒன்றே ஒன்று. தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழு ஆய்வில், பயணம் செய்யும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. அதைச் சொல்லி நிறுத்திவிடுங்கள். மூன்று எண் சொன்னால் ஒன்றும் நிற்காது.

---

வேக_கார்த்தி

அம்மாவை இழுப்பது ஆபத்து. சொந்தக் கதை சொன்னால் சென்டிமென்ட் என்று நினைப்பார்கள். எண்ணும் அரசுத் திட்டப் பெயரும்தான் எடுபடும்.

---

தேன்மொழி_மதுரை

நான் இதில் கார்த்தியோடு ஒத்துப்போகவில்லை. 2019ல் என் ஜி.டி.யில் ஊரகக் கடன் பற்றிய தலைப்பு. எங்கள் தெருவில் சுய உதவிக் குழுவில் பாட்டி வட்டி கட்டிய கதையை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். நேர்காணலில் பேனலில் இருந்த அம்மா முதல் கேள்வியாக அதையேதான் கேட்டார்: எத்தனை சதவீதம், யார் வசூலிப்பார், தவணை தவறினால் என்ன ஆகும். எல்லாம் தெரியும் என்பதால் பத்து நிமிடம் அதிலேயே போனது. ஆனால் கவனம், கயல். மேசையில் வைப்பதை அடுத்த அறையில் தோண்டுவார்கள். அம்மா எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு மாறினார், கூலி எவ்வளவு கூடியது, எத்தனை கிலோமீட்டர் என்பது தெரியாமல் சொல்லக் கூடாது.

எனக்கு ஒரு சந்தேகம், மணிமுத்தாறு சார். என் குழுவில் ஒரு பையன் பேசவே இல்லை. 'லெட் அஸ் ஹியர் ஃப்ரம் ஹிம்' என்று அவனைக் கூப்பிட்டேன். எனக்கு அது நல்லதாக எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவன் திணறியது இன்னும் மனதில் இருக்கிறது.

---

மணிமுத்தாறு

இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. என்னோடு உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் அப்படிக் கூப்பிடுபவருக்கு மதிப்பெண் தருவார். நான் தரமாட்டேன், ஏனென்றால் பேசாதவர் பேசாமல் இருக்கிறார் என்று ஊருக்கே அறிவித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஏற்கனவே வாயைத் திறந்து வெட்டுப்பட்டவரைத் திரும்பக் கொண்டுவருவது வேறு. 'ஷி வாஸ் மேக்கிங் எ பாயின்ட் அபவுட் ஜாப்ஸ், லெட் ஹர் ஃபினிஷ்' என்றால் அவருக்கும் உதவி, நீங்கள் கவனித்துக் கேட்டீர்கள் என்பதும் தெரிகிறது. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

---

கயல்_அம்பை

சம்மரிக்கு என்ன செய்வது? மதிப்பீட்டுத் தாளில் அதற்குத்தான் மிகக் குறைவு.

---

வேக_கார்த்தி

உறுதியான முடிவோடு முடிக்க வேண்டும். 'ஸோ வீ ஆல் கன்க்ளூட் தட்' என்று தீர்ப்பு சொல்லுங்கள். தலைமைப் பண்பு தெரியும்.

---

மணிமுத்தாறு

கார்த்தி, குழு உண்மையிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தால் சொல்லலாம். பத்து பேர் 15 நிமிடத்தில் ஒன்றுபட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. வராத முடிவை 'வீ ஆல்' என்று சொன்ன மறு விநாடி எதிர்த்துப் பேசிய நான்கு பேர் முகம் சுளிப்பார்கள், பேனலும் அதைப் பார்க்கும். அந்த இடத்தில் நீங்கள் கேட்கவில்லை என்பது நிரூபணமாகிவிடும்.

கயல், உங்கள் தாளில் ஆறு பாயின்ட் எழுதினீர்கள் என்றீர்களே, அந்தத் தாளை வேறு மாதிரி பயன்படுத்துங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆதரவு, வலப்பக்கம் எதிர்ப்பு. ஒருவர் பேசும்போது ஒரு சொல் மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் அவர் நாற்காலி எண். 'வேலை 3', 'வரி 1', 'கூட்டம் 7'. அதே பாயின்ட் திரும்ப வந்தால் புதிதாக எழுதாமல் ஒரு கோடு. கீழே கொஞ்சம் இடம் விட்டு, யாரோ கேட்டு யாரும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை அங்கே எழுதுங்கள். வாக்கியமாக எழுதினால் தலை குனிந்தே இருப்பீர்கள், அதுவும் தப்பு.

சம்மரி சொல்லச் சொன்னால் கோடு அதிகம் விழுந்த இரண்டு மூன்று சொல்லைத்தான் எடுக்க வேண்டும். உங்கள் ஜி.டி.க்கு இப்படி வரும்:

'தி க்ரூப் லுக்ட் அட் டூ மெயின் இஷ்யூஸ், ஜாப்ஸ் அண்ட் காஸ்ட். ஸம் ஆஃப் அஸ் ஃபெல்ட் தி ஃப்ரீ டிக்கெட் ஹெல்ப்ஸ் விமன் வொர்க் அண்ட் ஸேவ். அதர்ஸ் வேர் வொரீட் அபவுட் தி பர்டன் ஆன் பஸ் கார்ப்பரேஷன்ஸ் அண்ட் அபவுட் க்ரவுடிங். வீ அக்ரீட் தட் புவர் விமன் நீட் சப்போர்ட். வீ டிட் நாட் செட்டில் வெதர் இட் ஷுட் பி ஃப்ரீ ஃபார் ஆல் விமன்.'

ஐந்து வாக்கியம், அரை நிமிடம். இதில் புதுப் பாயின்ட் இல்லை, 'ஐ திங்க்' இல்லை. நீங்கள் எதிர்த்த கருத்தும் அதன் சொந்த மரியாதையோடு இருக்கிறது. குழு செய்ததைச் சொல்லும் வினையெல்லாம் இறந்த காலத்தில் இருக்கிறது பாருங்கள்: லுக்ட், ஃபெல்ட், அக்ரீட். நடந்ததைச் சொல்கிறீர்கள் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிடும். 'வீ ஷுட்' என்று நாக்கு போகிறது என்றால் சம்மரியை விட்டு மறுபடி வாதத்துக்குள் போய்விட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சில இடங்களில் ஒருவரை மட்டும் கேட்பார்கள், சில இடங்களில் எல்லோரையும் வரிசையாக ஆளுக்கு அரை நிமிடம். வரிசையில் எட்டாவதாக இருந்தால் எல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று பதறாதீர்கள். தாளின் கீழே எழுதிய அந்தப் பதில் இல்லாத கேள்வியை முதலில் வையுங்கள், அப்புறம் மீதி. கேட்காமலே முந்திக்கொண்டு சம்மரி சொல்ல வேண்டாம். 14வது நிமிடத்தில் ஒருவர் தொகுக்கத் தொடங்கினால் விவாதம் அங்கேயே செத்துப்போகிறது, குழுவுக்கே நஷ்டம்.

---

தனிவழி_88

ஒரு கேள்வி. பத்து பேரில் ஆறு பேர் கான்வென்ட் ஆங்கிலம். உச்சரிப்பு, வேகம் எல்லாம் வேறு. இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கயலை அதே தராசில்தான் நிறுப்பார்களா?

---

மணிமுத்தாறு

உச்சரிப்புக்குத் தனிக் கட்டம் நான் கண்ட மதிப்பீட்டுத் தாளில் இல்லை. ஆனால் சரளமாகப் பேசுபவரின் சாதாரணக் கருத்து கொஞ்சம் கனமாகக் கேட்கிறது என்பது உண்மை. எனக்கே அப்படிக் கேட்டிருக்கிறது, பிறகு குறிப்பைப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். எல்லோரும் திருத்துவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

---

தேன்மொழி_மதுரை

வேகத்தில் போட்டி போடாதே, கயல். நான் அதில்தான் முதல் ஜி.டி.யைக் கெடுத்தேன். அவர்களைப் போல வேகமாகப் பேசப்போய் பாதிச் சொல்லை விழுங்கினேன். சின்ன வாக்கியம், முடிவில் நிறுத்து. 'தான்' என்று நினைத்து 'ஒன்லி'யை வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் கழற்று, ஏனென்றால் சில நேரம் பொருளே மாறிவிடுகிறது.

---

கயல்_அம்பை

பத்து நாள் ஆகிவிட்டது. நேற்று மறுபடி ஒரு மாதிரி ஜி.டி. தலைப்பு, 'வொர்க் ஃப்ரம் ஹோம்'. எட்டு பேர், 12 நிமிடம்.

இந்த முறை இரண்டு பாயின்ட் மட்டும் எழுதினேன். மூன்றாவது நிமிடத்தில் 'ப்ரொடக்டிவிடி' என்ற சொல் இரண்டாவது முறை வந்தது, 'ஆன் ப்ரொடக்டிவிடி' என்று நுழைந்துவிட்டேன். 'ஸ்மால் டவுன்ஸ் கெய்ன் தி மோஸ்ட்' என்று முடிவை முதலில் சொன்னேன். ஒரு பெண் உடனே வெட்டினார். ஆனால் 'விச் ஸ்மால் டவுன்ஸ்?' என்று கேட்டுத்தான் வெட்டினார், அதனால் பேச்சு திரும்ப என்னிடமே வந்தது. தென்காசிப் பக்கம் ஊரிலிருந்தே வேலை நடத்தும் மென்பொருள் நிறுவனத்தைச் சொன்னேன். மொத்தம் மூன்று முறை பேசினேன்.

சம்மரி என்னைக் கேட்கவில்லை. தாளில் எழுதி வைத்திருந்ததை வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் சொல்லிப் பார்த்தேன், 40 விநாடி வந்தது. 'வீ ஷுட்' ஒரு முறை வந்துவிட்டது.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. கொக்கியைச் சத்தமாகச் சொன்னதும், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில், சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

---

மணிமுத்தாறு

தாளில் அந்த இரண்டு பாயின்டின் முதல் மூன்று ஆங்கிலச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'ஸ்மால் டவுன்ஸ் கெய்ன்', அவ்வளவு. கொக்கி போடும்போது விரல் அதன்மேல் இருக்கட்டும். மறந்தால் ஒரு பார்வை போதும், அந்த மூன்று சொல் வாயில் வந்துவிட்டால் மீதியும் வரும். செவ்வாய் இரவு எட்டு மணிக்கு எட்டு பேரோடு ஆன்லைனில் ஒன்று நடத்துகிறேன், ஒரு இடம் காலி. வருகிறீர்களா?

---

கயல்_அம்பை

வருகிறேன் சார். அம்மா வேலை முடிந்து வரும் பஸ் ஏழரைக்கு, எட்டுக்குள் போன் என் கைக்கு வந்துவிடும்.